அதிர்வு அளவீட்டில் மாதிரியெடுப்பு வீதமும் ஏலியாசிங் தடுப்பு வடிகட்டியும்: ஒரு வரலாறு

ஓடும் இயந்திரத்தின் மீது பொருத்திய அதிர்வு உணரி தொடர்ச்சியான ஒரு மின்னழுத்தத்தைத் தருகிறது. இதனை அனலாக் சமிக்ஞை என்பர். கணினி இதனை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. குறித்த இடைவெளியில் மின்னழுத்தத்தை அளந்து எண்களாக மாற்றும் ஏ.டி.சி. என்னும் மாற்றி நடுவில் இருக்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதே மாதிரியெடுப்பு வீதம். மாற்றிக்கு முன்னால், வேண்டாத உயர் அதிர்வெண்களைத் தடுப்பதற்காக வைக்கப்படும் மின்சுற்றே ஏலியாசிங் தடுப்பு வடிகட்டி.

‘அளக்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்தால் போதும்’ என்பது பாடநூல்களில் நைக்குவிஸ்ட் விதி என்ற பெயரில் வழங்கும் வாசகம். இந்த வாசகத்தில் ஒரு சொல் பிழையானது. ‘அளக்க வேண்டிய’ அதிர்வெண் அன்று; ‘சமிக்ஞையில் இருக்கின்ற’ மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதே சரி. இந்த வேறுபாடு எப்படித் தெரியவந்தது, அதிர்வு அளவீட்டில் அது எவ்வாறு 2.56 என்ற விந்தையான எண்ணாக நிலைபெற்றது, அதைக் கவனிக்காவிட்டால் ஒரு சிற்றூர் அரிசி ஆலையின் மோட்டாரைப் பற்றி எப்படித் தவறான முடிவுக்கு வர நேரும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தந்திக் கம்பியில் தொடங்கிய கணக்கு

ஹாரி நைக்குவிஸ்ட் 1889-இல் சுவீடனில் பிறந்தவர். 1907-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1917-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஏடி அண்டு டி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் முன்னிருந்த கேள்வி அதிர்வைப் பற்றியதும் அன்று, மாதிரியெடுப்பைப் பற்றியதும் அன்று. ஒரு தந்திக் கம்பி குறிப்பிட்ட அகலமுள்ள அதிர்வெண் பட்டையை மட்டுமே கடத்தும் என்றால், அதன் வழியாக ஒரு நொடிக்கு எத்தனை தனித்தனித் துடிப்புகளை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்பலாம் என்பதே அவர் கேட்ட கேள்வி. 1928-இல் வெளியான கட்டுரையில் அவர் கண்ட விடை, பட்டை அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்பதாகும்.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மாதிரியெடுப்புத் தேற்றம் கிடைக்கிறது. கணித வடிவில் இதனை இ. டி. விட்டேக்கர் 1915-இலேயே ஆராய்ந்திருந்தார். சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் கோத்தெல்னிக்கோவ் 1933-இல் தகவல் தொடர்புப் பொறியியலுக்கு ஏற்ற வடிவில் எழுதினார். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை இதனை உலகறியச் செய்தது. ஒரு சமிக்ஞையில் B ஹெர்ட்சுக்கு மேல் எதுவுமே இல்லையென்றால், நொடிக்கு 2B மாதிரிகளே அந்தச் சமிக்ஞையை முழுமையாக வரையறுத்துவிடும் என்பது ஷானனின் கூற்று.

இதில் ‘எதுவுமே இல்லையென்றால்’ என்னும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இது கடினமான நிபந்தனை அன்று. அவர்களுடைய கம்பிகளிலும் இணைப்புக் கருவிகளிலும் வடிகட்டிகள் ஏற்கெனவே இருந்தன. பட்டையின் எல்லை அவர்களே வகுத்தது. இயந்திரத்தின் அதிர்வுக்கும் நிலத்தின் அதிர்வுக்கும் அப்படி யாரும் எல்லை வகுத்துத் தருவதில்லை. சுத்தியலால் ஓர் இரும்புத் தகட்டைத் தட்டினால் சில ஹெர்ட்சிலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஒரே நேரத்தில் எழும். தேற்றம் அதிர்வுத் துறைக்கு வந்தபோது அதன் நிபந்தனையைப் பொறியாளரே நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

வேறு பெயரில் வரும் அதிர்வெண்

நிபந்தனை மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத் திரைப்படம் பார்த்தவர் அனைவரும் கண்டிருப்பர். நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் கேமரா முன் ஓடும் தேரின் சக்கரம் சில வேளைகளில் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஓர் ஆரக்கால் அடுத்த ஆரக்காலின் இடத்துக்குச் சற்று முன்பு வரை வந்துவிட்டால், கண்ணுக்கு அது பின்வாங்கியதாகவே படும். நடுவில் நடந்த பெரிய நகர்வு எந்தப் படத்திலும் பதிவாகவில்லை.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி இதற்கு ‘ஏலியாசிங்’ என்று பெயரிட்டார். ‘ஏலியாஸ்’ என்றால் மாற்றுப்பெயர். காவல் நிலைய ஆவணங்களில் ‘என்கிற’ என்று எழுதுவார்களே, அதே பொருள். உயர் அதிர்வெண் ஒன்று தாழ் அதிர்வெண்ணின் பெயரைப் பூண்டு பதிவுக்குள் நுழைகிறது. 1958-இல் ஆர். பி. பிளாக்மனும் டூக்கியும் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, அளவீட்டாளர்களுக்கு இந்த ஆபத்தை விரிவாக எடுத்துரைத்தது. மாதிரியெடுப்பு வீதத்தில் பாதியை மடிப்பு அதிர்வெண் என்றும் நைக்குவிஸ்ட் அதிர்வெண் என்றும் அவர்கள் அழைத்தனர். ஒரு தாளை அந்த இடத்தில் மடித்தால் மேற்பகுதி கீழ்ப்பகுதியின் மீது படிவதைப் போல, பாதிக்கு மேலுள்ள அதிர்வெண்கள் கீழே வந்து படிகின்றன.

எந்த அதிர்வெண் எங்கே வந்து படியும் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த அதிர்வெண்ணுக்கு மிக நெருக்கமாக உள்ள, மாதிரியெடுப்பு வீதத்தின் முழு மடங்கைக் கழித்தால் போதும்.

```python
def alias(f, fs):
    return abs(f - fs * round(f / fs))
```

கௌரிபிதனூர்: நாடாவில் தப்பிய அதிர்வெண்கள்

அதிர்வெண் பகுப்பாய்வு அதிர்வுத் துறைக்குள் பெருமளவில் நுழைந்ததற்கு அணுகுண்டுச் சோதனைகளும் ஒரு காரணம். நிலத்தடியில் நடக்கும் வெடிப்பை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய வேண்டிய தேவை 1950-களின் இறுதியில் எழுந்தது. அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டமொன்றில் டூக்கி எழுதிக்கொண்டிருந்த கணக்கு முறையை இயற்பியலாளர் ரிச்சர்டு கார்வின் கவனித்தார். நிலநடுக்கப் பதிவுகளை ஆராய அது உதவும் என்று உணர்ந்து அதனை ஐ.பி.எம். நிறுவனத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே ஜேம்ஸ் கூலி அதற்கு நிரல் எழுதினார். 1965-இல் கூலியும் டூக்கியும் சேர்ந்து வெளியிட்ட அந்த முறையே இன்று எஃப்.எஃப்.டி. எனப்படுகிறது.

அதே 1965-இல் இந்தியாவிலும் இத்துறையில் ஒரு முக்கியமான நிலையம் அமைந்தது. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், இந்திய அணுசக்தித் துறை பிரிட்டனின் அணுசக்தி ஆணையத்தோடு இணைந்து ஒரு நிலநடுக்க உணரி வரிசையை நிறுவியது. ‘எல்’ எழுத்தைப் போன்ற இரு கைகளில் இருபது உணரிகள் பரவியிருந்தன. அவற்றின் சமிக்ஞைகள் மைய ஆய்வகத்துக்கு வந்து, தொடக்க ஆண்டுகளில் காந்த நாடாவில் அனலாக் வடிவிலேயே பதிவாயின.

அனலாக் நாடாவுக்கு ஓர் அருமையான பண்பு உண்டு. மாதிரியெடுப்பு பின்னால் நடப்பதால், முதல் முறை தவறான வீதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் நாடாவை மீண்டும் ஓடவிட்டு, நல்ல வடிகட்டியோடும் வேறு வீதத்தோடும் மறுபடி எடுக்கலாம். ஐயம் எழுந்தால் மூலத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

உணரிக்கு அருகிலேயே மாற்றி வைக்கும் முறை வந்த பிறகு இந்த வாய்ப்பு போய்விட்டது. எண்களைத் தவிர வேறு மூலம் கிடையாது. மாற்றிக்கு முன்னால் நடந்த தவற்றைப் பின்னால் எந்த நிரலாலும் திருத்த முடியாது. எனவேதான் மாதிரியெடுப்பு வீதமும் வடிகட்டியும் பதிவு தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை ஆயின.

இரண்டு ஏன் 2.56 ஆனது?

1970-களில் எஃப்.எஃப்.டி. கணக்கைத் தானே செய்யும் அதிர்வுப் பகுப்பாய்விகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. இவற்றில் பரவலான அமைப்பு, ஒரு முறைக்கு 1024 மாதிரிகளை எடுத்துக் கணக்கிடுவது. 1024 மாதிரிகளிலிருந்து 512 அதிர்வெண் கோடுகள் கிடைக்கும். ஆனால் திரையில் 400 கோடுகளே காட்டப்பட்டன. எஞ்சிய 112 கோடுகள் மறைக்கப்பட்டன. 1024-ஐ 400-ஆல் வகுத்தால் 2.56. இன்றும் அதிர்வு அளவிகளில் ‘உச்ச அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ்’ என்று அமைத்தால், கருவி உள்ளே நொடிக்கு 2560 மாதிரிகள் எடுப்பதற்கு இதுவே காரணம்.

மறைக்கப்பட்ட கோடுகளின் வேலை வடிகட்டிக்கு இடம் கொடுப்பது. எந்த வடிகட்டியும் சுவரைப் போல ஒரே இடத்தில் நின்று தடுப்பதில்லை. சரிவைப் போல மெல்லக் குறைக்கிறது. நொடிக்கு 2560 மாதிரி எடுத்தால் மடிப்பு 1280 ஹெர்ட்சில் விழும். 1280-க்கும் 1560-க்கும் இடையே இருப்பவை மடிந்து 1280-க்கும் 1000-க்கும் இடையே வந்து படியும். அந்தப் பகுதியைத்தான் யாரும் பார்ப்பதில்லையே. பயனுள்ள 0 முதல் 1000 வரையிலான பகுதியைக் கெடுக்கக்கூடியவை 1560-க்கு மேலுள்ளவை மட்டுமே. ஆக, வடிகட்டி 1000-இல் கடத்தி, 1560-இல் முழுமையாகத் தடுத்தால் போதும். சரியாக இரண்டு மடங்கு வீதம் எடுத்திருந்தால் கடத்துவதும் தடுப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். அப்படிப்பட்ட வடிகட்டி உலகில் இல்லை.

சரியாக இரண்டு மடங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் அலையை நொடிக்கு 200 முறை அளக்கும்போது, ஒவ்வொரு மாதிரியும் அலை சுழியைக் கடக்கும் கணத்தில் விழுந்துவிட்டால், பதிவில் சுழிகளே மிஞ்சும். அலை இருந்ததற்கான தடயமே இராது.

ஓர் அரிசி ஆலை மோட்டாரைக் கொண்டு கணக்கு

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு அரிசி ஆலையை எண்ணிக்கொள்வோம். அங்கே நான்கு முனை மின்தூண்டல் மோட்டார் ஒன்று ஓடுகிறது. பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றிருக்கிறது. அதாவது தண்டு நொடிக்கு 24 முறை சுழல்கிறது. சமநிலைக் குறை இருந்தால் 24 ஹெர்ட்சில் அதிர்வு தெரியும். தண்டும் இணைப்பும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலோ அடித்தள போல்ட் தளர்ந்திருந்தாலோ 48, 72 ஹெர்ட்சிலும் கோடுகள் எழும்.

அளக்கப்போகிறவர், ‘எனக்கு 72 வரைதானே வேண்டும், 100 ஹெர்ட்ஸ் வரை பார்த்தால் தாராளம், இரண்டு மடங்கு 200’ என்று கணக்கிட்டு நொடிக்கு 200 மாதிரி எடுக்கிறார். வடிகட்டி வைக்கவில்லை. பகுப்பாய்வில் 72 ஹெர்ட்சில் ஒரு கோடு நன்றாக எழுந்து நிற்கிறது. சுழற்சியைப் போல் சரியாக மூன்று மடங்கு! 24-க்குப் பக்கத்தில், 28 ஹெர்ட்சிலும் விளங்காத ஒரு கோடு இருக்கிறது. இதைப் பார்க்கும் எவரும் இணைப்பு கோணியிருக்கிறது அல்லது அடித்தளம் தளர்ந்திருக்கிறது என்றே சொல்வர். அறுவடைக் காலத்தில் ஆலையை நிறுத்தி, மோட்டாரை இறக்கி, இணைப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே குறை ஒன்றும் இராது.

அந்த 72 எங்கிருந்து வந்தது? இந்த அளவு மோட்டார்களில் சுழலியில் 28 கடத்தித் தண்டுகள் இருப்பது வழக்கமான அமைப்புகளுள் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் 28 தண்டுகள் நிலைமப் பற்களைக் கடப்பதால், 28 × 24 = 672 ஹெர்ட்சில் ஓர் அதிர்வு எழுவது இயல்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்த விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால், அதற்கு இருபுறமும் 572, 772 ஹெர்ட்சிலும் துணைக்கோடுகள் அமையும். இவை நல்ல மோட்டாரிலும் உள்ளவை.

நொடிக்கு 200 மாதிரி என்றால் இரண்டு மாதிரிகளுக்கு இடையே 5 மில்லிநொடி. அந்த இடைவெளியில் 672 ஹெர்ட்ஸ் அலை 3.36 சுற்று முடிக்கிறது. முடிந்துபோன மூன்று முழுச் சுற்றுகளும் மாதிரிகளுக்குத் தெரிவதில்லை, 0.36 சுற்று மட்டும் தெரிகிறது. 72 ஹெர்ட்ஸ் அலையும் 5 மில்லிநொடியில் 0.36 சுற்றுதான் செல்லும். இரண்டும் ஒரே எண்களைத் தருகின்றன. அதேபோல் 572 அலை 2.86 சுற்றும், 772 அலை 3.86 சுற்றும் செல்கின்றன. இரண்டுமே முழுச் சுற்றுக்கு 0.14 குறைவு. 0.14-ஐ 200-ஆல் பெருக்கினால் 28. இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களும் பின்னோக்கிச் சுழலும் தேர்ச்சக்கரத்தைப் போல 28 ஹெர்ட்சில் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன.

பொய்க் கோட்டை இனங்காணல்

பதிவை மட்டும் உற்றுப் பார்த்து 72 மெய்யா பொய்யா என்று சொல்ல முடியாது. ஆனால் அளவீட்டை மாற்றிச் செய்தால் தெரிந்துவிடும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மாதிரியெடுப்பு வீதத்தைச் சிறிது மாற்றுவது. 200-க்குப் பதில் 210 வைத்து அளந்தால், மெய்யான 72 ஹெர்ட்ஸ் அதே இடத்தில் நிற்கும். பொய்யானது 672 − 630 = 42 ஹெர்ட்சுக்கு இடம் மாறும். 28-இல் இருந்த ஒற்றைக் கோடும் 58, 68 என்று இரண்டாகப் பிரியும். இயந்திரம் மாறவில்லை, அளவுகோல் மட்டுமே மாறியது. அதனால் இடம்பெயர்ந்த கோடு இயந்திரத்தின் கோடு அன்று.

இரண்டாவது வழி, மோட்டாரின் சுமையை மாற்றுவது. நெல் வரத்தைக் குறைத்தால் மோட்டார் சற்று வேகமாக ஓடும். நிமிடத்துக்கு 1446 சுற்று, அதாவது நொடிக்கு 24.1 என்று கொள்வோம். மெய்யான மூன்றாம் மடங்கு 72.3-க்கு நகரும். ஆனால் 28 மடங்கான 672, 674.8 ஆகிவிடும், அதன் மடிப்பு 74.8-இல் தெரியும். வேகம் 0.1 மாறியதற்குக் கோடு 2.8 நகர்ந்தால் அது மூன்றாம் மடங்காக இருக்க முடியாது. இவ்வளவு சிறு நகர்வுகளைக் காணப் பதிவு நீளமாக இருக்க வேண்டும்; 0.1 ஹெர்ட்ஸ் நுணுக்கத்துக்குக் குறைந்தது 10 நொடிப் பதிவு தேவை.

எண்களாக மாறிய பின் சராசரி எடுத்தோ நிரலில் வடிகட்டியோ இந்தப் பொய்க் கோட்டை நீக்கலாமா என்றால், முடியாது. அந்த நிரலைப் பொறுத்தவரை அது முறையான 72 ஹெர்ட்ஸ். அதை நீக்கினால் மெய்யான 72-ம் சேர்ந்தே நீங்கும்.

வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இதே மோட்டாரை முறையாக அளப்பது எப்படி? முதலில் எதுவரை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். 772 ஹெர்ட்ஸ் வரை மோட்டாரின் இயல்பான கோடுகள் இருப்பதால், 1000 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அடுத்தது, அதற்கு மேலே என்ன இருக்கக்கூடும் என்ற கேள்வி. அழுத்த மின் முடுக்கமானியைக் காந்தத்தால் ஒட்டினால், அந்த ஒட்டலே சில ஆயிரம் ஹெர்ட்சில் ஒத்ததிர்வு கொள்ளும். பேரிங்கில் சிறு தட்டல் இருந்தாலும் அந்த ஒத்ததிர்வு மணியைப் போல ஒலிக்கும். எனவே மேலே பெரிய சமிக்ஞை இருக்கும் என்றே எண்ணித் திட்டமிட வேண்டும்.

வடிகட்டி எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதை மாற்றியின் நுணுக்கம் சொல்கிறது. 12 பிட் மாற்றிக்கு 4096 படிகள். உயர் அதிர்வெண் முழு அளவில் வந்தாலும் ஒரு படியைத் தாண்டக்கூடாது என்றால், அதை 4096-இல் ஒரு பங்குக்கும் கீழே குறைக்க வேண்டும்.

இதற்குப் பழக்கமான தேர்வு பட்டர்வொர்த் வடிகட்டி. பிரிட்டிஷ் பொறியாளர் ஸ்டீவன் பட்டர்வொர்த் 1930-இல் விளக்கிய இந்த வகை, கடத்தும் பகுதியில் மேடு பள்ளமின்றி இருக்கும். இதன் தடுப்பைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது: வெட்டு அதிர்வெண்ணைப் போல் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த எண்ணை வடிகட்டியின் வரிசை எண் எத்தனையோ அத்தனை முறை தன்னோடு பெருக்க வேண்டும். வெட்டு அதிர்வெண்ணில் சமிக்ஞை ஏற்கெனவே 0.707 பங்காகக் குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2.56 விதிப்படி 2560 மாதிரி எடுத்தால், 1000-இல் வெட்டி 1560-க்குள் 4096 மடங்கு குறைக்க வேண்டும். 1.56-ஐ எத்தனை முறை பெருக்கினால் 4096 வரும்? 19 முறை. பத்தொன்பதாம் வரிசைப் பட்டர்வொர்த் வடிகட்டியை யாரும் கையால் கட்டுவதில்லை. விலையுயர்ந்த பகுப்பாய்விகள் செங்குத்தாக இறங்கும் வேறு வகை வடிகட்டிகளை வைத்து இதைச் சமாளித்தன.

எளிய வழி, வேகமாக மாதிரி எடுத்து வடிகட்டியின் சுமையைக் குறைப்பது. நொடிக்கு 12,800 மாதிரி என்று வைத்துக்கொண்டால், நம் 0–1000 பகுதியில் வந்து விழக்கூடியவை 11,800 ஹெர்ட்சுக்கு மேலுள்ளவை மட்டுமே. 12 கிலோ ஓம் மின்தடையும் 10 நானோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்டு நான்காம் வரிசை வடிகட்டி அமைத்தால் வெட்டு அதிர்வெண் சுமார் 1326 ஹெர்ட்ஸ். 11,800 அதைப் போல் 8.9 மடங்கு. 8.9-ஐ நான்கு முறை பெருக்கினால் ஆறாயிரத்துக்கும் மேல். தேவைப்பட்ட 4096-ஐ இது தாண்டிவிடுகிறது. 1000 ஹெர்ட்சில் இழப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. 672-இல் கிட்டத்தட்ட இல்லை.

இதை இரண்டு செயல்பாட்டுப் பெருக்கிகளால் கட்டலாம். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாலனும் கீயும் 1955-இல் வெளியிட்ட சுற்றில், மேற்சொன்ன மின்தடை, மின்தேக்கி மதிப்புகளையே இரு கட்டங்களிலும் வைத்து, முதல் கட்டத்துக்கு 1.152, இரண்டாவதற்கு 2.235 என்று பெருக்கம் அமைத்தால் பட்டர்வொர்த் வடிவம் கிடைக்கும். மொத்தப் பெருக்கம் சுமார் 2.57 ஆவதால், மாற்றியின் உள்ளீட்டு எல்லையை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்களான பிறகு வேகமான பதிவை அப்படியே சேமிக்க வேண்டியதில்லை. 12,800 மாதிரிகளை நிரலில் செங்குத்தான வடிகட்டி ஒன்றால் 1000-க்கு மேல் தடுத்துவிட்டு, ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 2560 மிஞ்சும். வரிசை நீண்ட வடிகட்டி நிரலில் எளிது, மின்சுற்றில் கடினம். ஐந்தில் ஒன்றை எடுப்பதும் ஒரு மாதிரியெடுப்பே என்பதால், வடிகட்டாமல் எடுத்தால் பழைய பிழையே திரும்பவும் வரும்.

சிக்மா-டெல்டாவும் மலிவு உணரிகளும்

வேகமாக எடுத்துப் பின் குறைக்கும் இந்த எண்ணத்தை மாற்றிக்குள்ளேயே அடக்கியது சிக்மா-டெல்டா முறை. இதனை 1962-இல் ஜப்பானியப் பொறியாளர்கள் இனோசே, யசுதா, முராகாமி ஆகியோர் முன்வைத்தனர். இவ்வகை மாற்றி தேவைக்குப் பல மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்து, உள்ளேயே எண்முறையில் வடிகட்டித் தருகிறது. அதனால் வெளியே ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியுமே பெரும்பாலும் போதுமாகின்றன. இன்றைய நிலநடுக்கப் பதிவிகளும் நல்ல அதிர்வு அளவிகளும் இந்த வகையையே பெரிதும் பயன்படுத்துகின்றன.

ஆனால் கல்லூரிச் செயல்திட்டங்களில் புழங்கும் நுண்கட்டுப்படுத்திப் பலகைகளின் மாற்றிகள் பல இந்த வகை அல்ல. அவற்றில் உள் வடிகட்டி கிடையாது. அவற்றோடு அடிக்கடி இணைக்கப்படும் ADXL335 முடுக்கமானியை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டில் சுமார் 32 கிலோ ஓம் மின்தடை உள்ளே அமைந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் சிறு பலகைகளில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி பொருத்தியிருந்தால், இரண்டும் சேர்ந்து 50 ஹெர்ட்சில் வெட்டும் முதல் வரிசை வடிகட்டியாகின்றன.

‘வடிகட்டி இருக்கிறதே’ என்று இதை நம்பி 200 வீதத்தில் அளந்தால் என்ன ஆகும்? 672 ஹெர்ட்ஸ் 50-ஐப் போல் 13 மடங்கு. முதல் வரிசை என்பதால் குறைவும் 13 மடங்கு மட்டுமே, 4096 அன்று. அதே வேளையில் மெய்யான 72 ஹெர்ட்சும் 0.57 பங்காகச் சுருங்கிவிடுகிறது. பொய் முழுதும் ஒழியாமலும் மெய் முழுதும் நிலைக்காமலும் இரண்டும் ஒரே கோட்டில் கலந்திருக்கும். இத்தகைய உணரியைக் கொண்டு 24 ஹெர்ட்ஸ் சமநிலைக் குறையைப் பார்க்கலாம். அப்போதும் நொடிக்குச் சில ஆயிரம் மாதிரி எடுத்து, நிரலில் வடிகட்டிய பிறகே குறைக்க வேண்டும். 2000 வீதத்தில் எடுத்தால் மடிப்பு 1000-இல் விழும். 572, 672, 772 மூன்றும் தத்தம் பெயரிலேயே பதிவாகும். 72-இல் அதன் பிறகும் ஒரு கோடு நின்றால், அப்போது இணைப்பைப் பிரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது.